சென்னையில் எழுதிய உயில், பாரிசில் இருக்கும் வீடு: வகைப்படுத்தலையும் ரென்வுவாவையும் படிப்படியாகப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

ஒரே வழக்கில் இரண்டு நாடுகளின் சட்டங்கள் குறுக்கிடும்போது எதைக் கொண்டு தீர்ப்பது என்று சொல்லும் விதிகளின் தொகுப்பே சட்ட முரண்பாடு எனப்படும் துறை. தனியார் பன்னாட்டுச் சட்டம் என்றும் அதற்குப் பெயர் உண்டு. இதைப் புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் சிக்கிக்கொள்கிறார்கள். முதலாவது, வழக்கு எழுப்பும் கேள்வி எந்தச் சட்ட வகையைச் சேர்ந்தது என்று தீர்மானிக்கும் வகைப்படுத்தல். இரண்டாவது, நம் விதி நம்மை வேறொரு நாட்டின் சட்டத்துக்கு அனுப்பும்போது, அந்த நாட்டின் விதி நம்மைத் திரும்பவும் நம் சட்டத்துக்கே அனுப்பிவிடும் ரென்வுவா. இரண்டையும் தனித்தனி அத்தியாயங்களாகப் படிப்பதைவிட ஒரே வழக்கில் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பது எளிது, ஏனெனில் முதலாவதில் எடுத்த முடிவுதான் இரண்டாவது எழுமா எழாதா என்பதையே நிர்ணயிக்கிறது.

எடுத்துக்காட்டு

இந்தியக் குடியுரிமை கொண்ட ஒரு கிறிஸ்தவர் பல ஆண்டுகள் பாரிசில் வேலை பார்த்துவிட்டு 2012இல் சென்னைக்குத் திரும்பி, இனி இங்கேயே இருப்பது என்ற முடிவோடு வாழ்ந்து, 2022இல் காலமாகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி அவருக்கு முன்பே இறந்துவிட்டார். ஒரு மகன், ஒரு மகள். இருவரும் இந்தியக் குடிமக்கள், இந்தியாவில் வசிப்பவர்கள். பாரிசில் அவருக்கு 3,00,000 யூரோ மதிப்புள்ள ஓர் அடுக்ககக் குடியிருப்பும், 60,000 யூரோ இருப்புள்ள ஒரு வங்கிக் கணக்கும் உள்ளன. கடன் ஏதும் இல்லை. சென்னையில் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதிய உயிலில் அனைத்தையும் மகளுக்கே கொடுத்துவிட்டார். தனக்கும் பங்கு உண்டு என்று மகன் பாரிஸ் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கிறார்.

இரண்டு நாட்டுச் சட்டங்களும் இதற்கு என்ன சொல்கின்றன என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவுப்படி, மனநிலை சரியாக உள்ள எந்த மேஜரும் தம் சொத்தை உயில் மூலம் தாம் விரும்பியபடி கொடுக்கலாம்; பிள்ளைகளுக்கென்று கட்டாயப் பங்கு கிடையாது. பிரெஞ்சுச் சட்டமோ பெற்றோரின் உயிலால் தொட முடியாத ஒரு பகுதியைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி வைக்கிறது. ஒரே பிள்ளை என்றால் பாதி, இரண்டு பிள்ளைகள் என்றால் மூன்றில் இரண்டு, மூன்றோ அதற்கு மேலோ என்றால் நான்கில் மூன்று. ஆகவே நம் வழக்கில் மகனின் கட்டாயப் பங்கு மூன்றில் ஒன்று. இந்தியச் சட்டமே முழுமையாகப் பொருந்தினால் மகனுக்கு ஒன்றும் இல்லை. பிரெஞ்சுச் சட்டமே முழுமையாகப் பொருந்தினால் 1,20,000 யூரோ. உண்மையான விடை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

படி 1: எந்த நீதிமன்றத்தில் நிற்கிறோம்?

சட்ட முரண்பாட்டு விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், வழக்கு எங்கே நடக்கிறது என்று தெரியாமல் அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது. 2015 ஆகஸ்ட் 17 முதல் நிகழும் மரணங்களுக்கு, பிரெஞ்சு நீதிமன்றம் ஐரோப்பிய ஒன்றியத்தின் 650/2012 எண் கொண்ட வாரிசுரிமை ஒழுங்குமுறையைப் பின்பற்ற வேண்டும். இறந்தவர் வழமையாக வசித்தது ஒன்றியத்துக்கு வெளியே என்றாலும், சொத்து பிரான்சில் இருப்பதால் அதன் 10ஆம் உறுப்பு பாரிஸ் நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. ஆனால் நம் வழக்கில் அந்த அதிகாரம் பிரான்சில் உள்ள சொத்துக்கு மட்டுமே. அவர் பிரெஞ்சுக் குடிமகனாக இருந்திருந்தாலோ, பிரான்சை விட்டு வந்து ஐந்து ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கப்பட்டிருந்தாலோ உலகெங்கும் உள்ள சொத்து முழுவதும் அந்த நீதிமன்றத்தின் கையில் வந்திருக்கும்.

படி 2: கேள்வியை வகைப்படுத்துதல்

சட்ட முரண்பாட்டு விதிகள் முழு வழக்குக்கும் சேர்த்து எழுதப்பட்டவை அல்ல. வாரிசுரிமைக்கு ஒரு விதி, திருமணச் சொத்துக்கு ஒரு விதி, உயிலின் வடிவத்துக்கு ஒரு விதி என்று வகைவாரியாக எழுதப்பட்டவை. ஆகவே நீதிபதி செய்யும் முதல் வேலை, வழக்கைத் தனித்தனிக் கேள்விகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் அதற்குரிய வகையில் சேர்ப்பது.

வகை மாறினால் விடை எப்படித் தலைகீழாகும் என்பதற்கு இத்துறையின் மிகப் பழைய பாடம், அல்ஜியர்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1889இல் தீர்த்த பார்த்தோலோ வழக்கு. மால்டாவில் மணம்புரிந்துகொண்ட ஒரு தம்பதியினர், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவில் குடியேறினர். கணவர் அங்கே நிலம் வாங்கினார், பின்னர் இறந்தார். ஏழை விதவைக்குக் கணவரின் சொத்தில் நான்கில் ஒரு பங்கின் மீது மால்டா சட்டம் தரும் உரிமையை மனைவி கோரினார். அது திருமணச் சொத்து பற்றிய கேள்வி என்றால், மணம் நடந்தபோது தம்பதியர் வாழ்ந்த மால்டாவின் சட்டம் பொருந்தும், அவருக்குப் பங்கு உண்டு. வாரிசுரிமை பற்றிய கேள்வி என்றால் நிலம் அமைந்த இடத்தின் பிரெஞ்சுச் சட்டம் பொருந்தும், அதில் அப்படியோர் உரிமை இல்லை. இரு தரப்பும் உண்மைகளை ஒப்புக்கொண்டிருந்தன, இரு நாட்டுச் சட்டங்களின் உள்ளடக்கத்திலும் ஐயமில்லை. சண்டை முழுவதும் எந்தப் பெட்டியில் போடுவது என்பதில்தான். திருமணச் சொத்து என்று நீதிமன்றம் வகைப்படுத்தியது, விதவை வென்றார்.

இந்த வகைகளின் எல்லையை எந்த நாட்டின் கண்ணோட்டத்தில் வரைவது என்ற கேள்வி உடனே எழுகிறது. பொதுவான விடை, வழக்கை விசாரிக்கும் நீதிமன்றத்தின் கண்ணோட்டம் என்பது. பார்த்தோலோ வழக்கை வைத்து 1897இல் எத்தியேன் பார்த்தென் அதைத்தான் வாதிட்டார். வெளிநாட்டுச் சட்டத்திடமே கேட்கலாமே என்றால், எந்த வெளிநாட்டுச் சட்டம் பொருந்தும் என்று தெரிவதற்கே முதலில் வகைப்படுத்த வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய ஒழுங்குமுறைகளுக்கு மட்டும் இதில் ஒரு திருத்தம் தேவை. ஒரே ஒழுங்குமுறையைப் பல நாடுகள் பயன்படுத்துவதால், அதன் சொற்களுக்கு எந்த உறுப்பு நாட்டையும் சாராத பொதுப் பொருளையே ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தருகிறது. எஞ்சியிருக்கும் துணைக்குக் கூடுதலாகக் கால் பங்கு தரும் ஒரு ஜெர்மன் விதியை ஜெர்மன் சட்டம் திருமணச் சொத்து என்று கருதியிருந்தும், 2018இல் மான்கோஃப் வழக்கில் அது வாரிசுரிமையே என்று அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் வழக்குக்கு வருவோம். அதற்குள் இரண்டு கேள்விகள் உள்ளன. உயில் சரியான முறையில் எழுதப்பட்டதா என்பது வடிவம் பற்றியது. அதற்கு எழுதிய இடத்தின் சட்டமோ, எழுதியவரின் குடியுரிமை நாட்டுச் சட்டமோ ஏற்றாலே போதும். இரண்டு சாட்சிகளோடு சென்னையில் எழுதப்பட்டது இந்தியச் சட்டப்படி செல்லும் என்பதால் இந்தக் கேள்வி இங்கேயே தீர்ந்துவிடுகிறது. செல்லத்தக்க அந்த உயிலால் மகனை முழுவதும் ஒதுக்க முடியுமா என்பது இரண்டாவது கேள்வி. கட்டாயப் பங்குகள் வாரிசுரிமையின் பகுதி என்று ஒழுங்குமுறையின் 23ஆம் உறுப்பே சொல்லிவிடுவதால் இதை வகைப்படுத்துவதில் சிரமம் இல்லை. மாணவர்கள் பலரும் உயில் செல்லும் என்ற விடையோடு நின்றுவிடுகிறார்கள். உயில் செல்லுபடியாவதும், அது சொன்னபடியே முழுவதும் நடப்பதும் வேறுவேறு.

படி 3: இணைப்புக் காரணி எந்த நாட்டைக் காட்டுகிறது?

வகை தெரிந்தபின் அந்த வகைக்குரிய விதியைப் படிக்க வேண்டும். வசிப்பிடம், குடியுரிமை, சொத்து அமைந்த இடம் போல, வழக்கை ஒரு நாட்டோடு இணைப்பதற்கு அந்த விதி எடுத்துக்கொள்ளும் செய்தியே இணைப்புக் காரணி. ஒழுங்குமுறையின் 21ஆம் உறுப்பு, இறந்தவர் மரணத்தின்போது வழமையாக வசித்த நாட்டின் சட்டமே வாரிசுரிமை முழுவதையும் ஆளும் என்கிறது. அசையும் சொத்து, அசையாச் சொத்து என்ற பிரிவு இங்கே இல்லை. அவர் வசித்தது சென்னையில். எனவே விதி இந்தியாவைக் காட்டுகிறது.

மகளின் வழக்கறிஞர் இந்த இடத்தில் 59ஆம் பிரிவைக் காட்டி வழக்கு முடிந்தது என்று சொல்லக்கூடும். முடியவில்லை. இந்தியாவின் சட்டம் என்றால் இந்தியாவின் உள்நாட்டு வாரிசுரிமைச் சட்டம் மட்டுமா, அல்லது இந்தியாவின் சட்ட முரண்பாட்டு விதிகளும் அதில் சேருமா? ரென்வுவா இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கிறது.

படி 4: ரென்வுவா

பிரெஞ்சுச் சட்டம் இதை முதலில் தீவிரமாக எதிர்கொண்டது ஃபோர்கோ வழக்கில். பவேரியாவில் 1801இல் திருமண உறவுக்கு வெளியே பிறந்த ஒருவர், சிறுவயதிலேயே பிரான்சுக்கு வந்து, வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்து, 1869இல் உயில் எழுதாமல் போ நகரில் இறந்தார். பிரான்சில் பெருமளவு அசையும் சொத்து இருந்தது. பிரான்சில் குடியமர அரசின் முறையான அனுமதியை அவர் பெறாததால், சட்டத்தின் பார்வையில் அவருடைய நிலையான இருப்பிடம் பவேரியாவாகவே இருந்தது. பிரெஞ்சு விதி பவேரியச் சட்டத்தைக் காட்டியது. அதன்படி தாய்வழி உறவினர்களுக்குச் சொத்து கிடைக்கும். ஆனால் பவேரியாவின் விதியோ அவர் நடைமுறையில் வாழ்ந்த நாட்டின் சட்டத்தை, அதாவது பிரெஞ்சுச் சட்டத்தைக் காட்டியது. பிரெஞ்சு உச்ச நீதிமன்றமான கசாசியோன் நீதிமன்றம் 1878இலும் மீண்டும் 1882இலும் இந்தத் திருப்பியனுப்புதலை ஏற்றுக்கொண்டது. பிரெஞ்சுச் சட்டத்தில் அந்த உறவினர்களுக்கு உரிமை இல்லாததால் சொத்து பிரெஞ்சு அரசுக்குப் போனது. அரசே பயனடைந்த வழக்கில் பிறந்த கோட்பாடு என்பதால் அதைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

இன்றைய ஒழுங்குமுறையில் இதற்கு 34ஆம் உறுப்பு விடை சொல்கிறது. ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டின் சட்டம் சுட்டப்பட்டால், அந்த நாட்டின் முரண்பாட்டு விதிகளையும் பார்க்க வேண்டும். அவை ஓர் உறுப்பு நாட்டின் சட்டத்துக்குத் திருப்பியனுப்பினால் அதை ஏற்க வேண்டும். தன் சட்டத்தையே பொருத்திக்கொள்ளக்கூடிய இன்னொரு வெளிநாட்டுக்கு அனுப்பினாலும் ஏற்க வேண்டும்.

ஆகவே பாரிஸ் நீதிபதி இப்போது இந்தியாவின் முரண்பாட்டு விதிகளைப் படிக்கிறார். அவை 21ஆம் உறுப்பைப் போல ஒன்றாகக் கட்டப்பட்டவை அல்ல, இரண்டாகப் பிளந்தவை. வாரிசுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, அசையும் சொத்தின் வாரிசுரிமையை இறந்தவரின் டொமிசைல் இருந்த நாட்டின் சட்டம் ஆளும். டொமிசைல் என்பது ஒருவர் நிரந்தரமாக இருக்கும் எண்ணத்தோடு வாழும் நாடு. நம்மவருக்கு அது இந்தியா. இந்தியாவில் உள்ள அசையாச் சொத்தை இந்தியச் சட்டம் ஆளும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. வெளிநாட்டில் உள்ள அசையாச் சொத்தைப் பற்றி அது நேரடியாகப் பேசவில்லை. ஆனால் அசையாச் சொத்தை அது அமைந்த நாட்டின் சட்டமே ஆளும் என்பது இந்திய நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட பொதுச்சட்டக் கொள்கை. இறந்தவர் இந்துவாகவோ முஸ்லிமாகவோ இருந்தால் 5ஆம் பிரிவைச் சுட்டக் கூடாது. அந்தப் பகுதி அவர்களுக்குப் பொருந்தாது என்று 4ஆம் பிரிவு விலக்கிவிடுகிறது, எனவே அவர்களுக்கான விதியைத் தீர்ப்புகளிலிருந்துதான் எடுத்துக்காட்ட வேண்டும்.

இப்போது இரண்டு சொத்துகளும் பிரிகின்றன. வங்கிக் கணக்கு அசையும் சொத்து. இந்திய விதி டொமிசைலைப் பார்க்கிறது, டொமிசைல் இந்தியா, ஆகவே இந்தியா தன் சட்டத்தையே வைத்துக்கொள்கிறது. திருப்பியனுப்பல் ஏதும் இல்லை. 59ஆம் பிரிவுப்படி 60,000 யூரோவும் மகளுக்கே. பாரிஸ் குடியிருப்புக்கோ இந்திய விதி சொத்து அமைந்த நாட்டைக் காட்டுகிறது, அது பிரான்ஸ், ஓர் உறுப்பு நாடு, திருப்பியனுப்பல் ஏற்கப்படுகிறது. 3,00,000 யூரோவில் மூன்றில் ஒன்றான 1,00,000 யூரோ மகனின் கட்டாயப் பங்கு. வழக்கமாக அவர் குடியிருப்பில் கூட்டு உரிமையாளர் ஆவதில்லை. வீடு மகளிடமே இருக்க, குறைந்த பங்கின் மதிப்பைப் பணமாக மகள் கொடுக்கிறார்.

வாரிசுரிமை முழுவதையும் ஒரே சட்டத்தின் கீழ் கொண்டுவருவதே ஒழுங்குமுறையின் அறிவிக்கப்பட்ட நோக்கம். 34ஆம் உறுப்பு அதை இங்கே இரண்டாக உடைத்துவிடுகிறது. 2015க்கு முன் பிரெஞ்சு விதியே அசையாச் சொத்தை அது அமைந்த நாட்டுக்கு அனுப்பியதால், அப்போது இதே விடை ரென்வுவாவின் உதவியின்றி நேராகவே கிடைத்திருக்கும். பழைய பாடநூலில் இத்தகைய வழக்கைப் படித்தவர் ரென்வுவா எங்கே போயிற்று என்று குழம்பினால் காரணம் இதுவே.

இது எங்கே நிற்கும்?

இந்திய விதி பிரான்சுக்கு அனுப்புகிறது என்றால், பிரெஞ்சு விதி மறுபடி இந்தியாவுக்கு அனுப்பாதா என்ற கேள்வி நியாயமானது. இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே வைத்ததுபோல் அது முடிவில்லாமல் போகும். நடைமுறையில் பிரெஞ்சு நீதிமன்றம் முதல் திருப்பத்திலேயே நின்று, தன் உள்நாட்டுச் சட்டத்தைப் பொருத்திவிடுகிறது.

ஆங்கிலேய நீதிமன்றங்கள் வேறு வழியில் போகின்றன. வெளிநாட்டு நீதிபதியின் நாற்காலியில் தாம் அமர்ந்திருந்தால் என்ன தீர்ப்பு சொல்வோம் என்று கேட்டு, அதையே சொல்கின்றன. 1926இல் தீர்க்கப்பட்ட ஆன்ஸ்லி வழக்கில், பிரான்சில் டொமிசைல் கொண்டிருந்த ஓர் ஆங்கிலேயப் பெண்மணியின் உயிலை ஆராய்ந்த நீதிபதி, பிரெஞ்சு நீதிமன்றம் முதலில் ஆங்கிலச் சட்டத்தை நாடும், அது பிரான்சுக்குத் திருப்பும், பிரெஞ்சு நீதிமன்றம் அதை ஏற்று நின்றுவிடும் என்று கண்டு, பிரெஞ்சு உள்நாட்டுச் சட்டத்தையே பொருத்தினார். அந்தப் பெண்மணிக்கு இரண்டு மகள்கள் இருந்ததால், விருப்பப்படி கொடுக்கக்கூடியது மூன்றில் ஒன்றாகச் சுருங்கியது.

நம் 5ஆம் பிரிவின் அடியில் உள்ள விளக்க எடுத்துக்காட்டு ஒன்றும் இதே சிந்தனையைக் காட்டுகிறது. பிரான்சில் டொமிசைல் கொண்ட ஓர் ஆங்கிலேயர் இந்தியாவில் இறந்தால் அவருடைய அசையும் சொத்துக்கு, பிரான்சில் டொமிசைல் கொண்டு இறக்கும் ஆங்கிலேயரின் அசையும் சொத்துக்குப் பிரான்சில் என்ன விதிகளோ அவையே பொருந்தும் என்கிறது அது. வெறும் பிரெஞ்சுச் சட்டம் என்று சொல்லி நிறுத்தாமல், ஆங்கிலேயர் ஒருவருக்குப் பிரான்ஸ் பொருத்தும் விதி என்று சொல்லியிருப்பதைக் கவனிக்க வேண்டும். ரென்வுவா என்ற சொல்லே இல்லாமல் அதன் ஒரு வடிவம் நம் சட்டநூலில் உட்கார்ந்திருக்கிறது.

வகைப்படுத்தல் இரண்டாம் முறை வரும்

படி 4இல் குடியிருப்பை அசையாச் சொத்து என்றும், கணக்கை அசையும் சொத்து என்றும் எளிதாகச் சொல்லிவிட்டோம். அதுவும் ஒரு வகைப்படுத்தலே. இந்திய விதியைப் படிக்கும்போது எழுவதால் இது இரண்டாம் முறை. சொத்து அசையுமா அசையாததா என்பதை அது அமைந்த நாட்டின் சட்டமே சொல்லும் என்பது பொதுச்சட்ட மரபு.

பிரான்சில் வீடுகளை நேரடியாக வைத்திராமல், அதற்கென ஒரு சிவில் நிறுவனம் தொடங்கி அதன் பங்குகளாக வைத்திருக்கும் வழக்கம் பரவலாக உண்டு. அந்தப் பங்குகள் பிரெஞ்சுச் சட்டப்படி அசையும் சொத்து. நம் தந்தை குடியிருப்பை அப்படி வைத்திருந்தால், இந்திய விதி டொமிசைலைப் பார்க்கும், திருப்பியனுப்பல் நிகழாது, மகனின் 1,00,000 யூரோ மறைந்துவிடும். கட்டாயப் பங்கைத் தவிர்ப்பதற்கென்றே இப்படி மாற்றினால் தப்ப முடியும் என்று நம்பிவிடக் கூடாது. 1985இல் கரோன் வழக்கில், பிரான்சில் இருந்த வீட்டை அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு மாற்றிப் பங்குகளாக்கியது பிள்ளைகளின் உரிமையைப் பறிக்கச் செய்த சட்ட ஏய்ப்பு என்று கசாசியோன் நீதிமன்றம் முடிவு செய்தது.

எங்கே தவறு நேர்கிறது?

பாரிஸ் நோட்டரிக்கோ நீதிபதிக்கோ இந்தியச் சட்டம் தெரியாது. இந்திய வழக்கறிஞர் எழுதித் தரும் சட்டச் சான்றையே அவர்கள் நம்புகிறார்கள். அந்தச் சான்று உயில் எழுதும் சுதந்திரத்தை விரிவாக விளக்கிவிட்டு, முரண்பாட்டு விதியைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டால், ரென்வுவாப் படி முழுவதும் யார் கண்ணிலும் படாமல் தாண்டப்பட்டுவிடும். சான்றைக் கையில் எடுத்ததும் டொமிசைல், அசையாச் சொத்து அமைந்த நாடு என்ற இரண்டு செய்திகளும் அதில் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். இரண்டும் இல்லையென்றால், அது உள்நாட்டுச் சட்டத்தை மட்டுமே சொல்லும் சான்று.

ரென்வுவாவுக்கு இடமே இல்லாத சந்தர்ப்பங்களும் 34ஆம் உறுப்பின் இரண்டாம் பத்தியில் உள்ளன. உயிலின் வடிவம் அவற்றில் ஒன்று. இன்னொன்று, இறந்தவர் தம் குடியுரிமை நாட்டின் சட்டத்தை உயிலில் தேர்ந்தெடுத்திருப்பது. 22ஆம் உறுப்பு அந்த உரிமையைத் தருகிறது. நம் தந்தை தம் உயிலில், தம் வாரிசுரிமையை இந்தியச் சட்டமே ஆளட்டும் என்று ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால், நீதிபதி இந்திய உள்நாட்டுச் சட்டத்தோடு நின்றிருப்பார்; குடியிருப்பும் முழுவதும் மகளுக்கே போயிருக்கும்.

அதற்கும் 2021 நவம்பர் 1 முதல் ஒரு வரம்பு உண்டு. இறந்தவரோ பிள்ளைகளில் ஒருவரோ மரணத்தின்போது ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றின் குடிமகனாகவோ அங்கே வழமையாக வசிப்பவராகவோ இருந்து, பொருந்தும் வெளிநாட்டுச் சட்டம் பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கே தராததாக இருந்தால், பிரான்சில் உள்ள சொத்திலிருந்து அந்தப் பங்குக்கு ஈடானதைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளலாம் என்று பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 913ஆம் பிரிவு திருத்தப்பட்டது. ஐரோப்பிய ஒழுங்குமுறையோடு இது பொருந்துமா என்பது சட்ட அறிஞர்களிடையே கடும் விவாதத்தில் உள்ளது. நம் எடுத்துக்காட்டில் இரு பிள்ளைகளும் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்கள், ஆகவே இது எழவில்லை. மகன் லியோனில் குடியேறியிருந்தால் மகளின் வழக்கறிஞர் வங்கிக் கணக்கைக்கூட முழுவதும் பத்திரம் என்று சொல்லியிருக்க முடியாது.